கருநீலத் துண்டில் ஆரஞ்சுத் திட்டுகள்

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில்தான் முதலில் அதைப் பார்த்தேன். சென்னிமலையில் வாங்கிய கருநீலத் தலையணை உறை. துவைத்துக் காய்ந்து எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. இஸ்திரி போட விரித்து இரண்டு தடவை பெட்டியை ஓட்டினேன். உறையின் இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கலான ஆரஞ்சுத் திட்டு மெல்ல எழுந்து வந்தது. பெட்டியில் துரு ஏதும் இருக்கிறதோ என்று கவிழ்த்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"புது சோப்புத் தூள் வாங்கினயே, அதோட வேலையாத்தான் இருக்கும் கண்ணு" என்றார் அம்மா. அந்த வாரமே முகம் துடைக்கும் துண்டின் இரு முனைகளிலும் அதே நிறம். அடுத்த வாரம் சமையலறைக் கைத்துண்டில் நாலு விரல் தடம், பக்கத்தில் கட்டைவிரல். அந்தத் தடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. சோப்புத் தூள் மேல் போட்ட பழியை அம்மா அப்போதுதான் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனக்கு இருபத்தொன்பது வயதில் திரும்பவும் பரு வந்தது. தாடையிலும் கன்னத்திலும் சிவந்த பருக்கள், நெற்றி முழுக்க அரிசி நொய் மாதிரி வெண்முனைகள். ஈரோட்டில் ஒரு தோல் மருத்துவர் பார்த்துவிட்டு 15 கிராம் டியூப் ஒன்று எழுதிக் கொடுத்தார். அடாபலீன் 0.1 சதவீதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், இரண்டும் சேர்ந்த ஜெல். "நைட்டு ஒரு தடவை போடுங்கம்மா, கொஞ்சமா" என்றார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அந்தக் 'கொஞ்சமா'வுக்கு என்ன அளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த இரண்டு மருந்துக்கும் வேலை வேறு வேறு. மயிர்க்கால் வாய்க்குள் செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அடாபலீன் அந்த அடைப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. அடைபட்ட எண்ணெயில் ஒரு பாக்டீரியா பெருகிக் கிடக்கும். பென்சாயில் பெராக்சைடு தோலில் பட்டதும் உடைந்து, ஆக்சிஜன் சார்ந்த, யாரோடாவது வினைபுரியத் துடிக்கும் துணுக்குகளை வெளியிடுகிறது. அவை அந்தப் பாக்டீரியாவை எரித்து விடுகின்றன. ஆன்டிபயாடிக்கைப் பழகிக்கொள்கிற மாதிரி இதைப் பாக்டீரியாவால் பழகிக்கொள்ள முடிவதில்லை.

இந்த ஜோடியே கொஞ்சம் அதிர்ஷ்டத்தில் அமைந்ததுதான். இதே குடும்பத்தில் மூத்ததான ட்ரெட்டினாயினைப் பெராக்சைடோடு கலந்தால் பெராக்சைடு அதைச் சிதைத்துவிடும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. அதனால் ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை இரவிலும் போடச் சொல்வது வழக்கமாக இருந்தது. அடாபலீன் இரண்டுக்கும் அசையவில்லை. ஒரே டியூபில் இரண்டையும் அடைத்து விற்க அமெரிக்காவில் 2008 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

சரி, துண்டுக்கு வருவோம். அந்த ஆக்சிஜன் துணுக்குகளுக்குப் பாக்டீரியா எது, பருத்தியில் ஏறிய சாயம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதே பென்சாயில் பெராக்சைடைத்தான் அமெரிக்காவில் மைதாவின் மஞ்சளை எடுத்து வெள்ளையாக்கப் போடுகிறார்கள். முகத்தில் போட்டால் மருந்து, மாவில் போட்டால் வெளுப்பான், துண்டில் பட்டால் வீட்டில் சண்டை.

எங்கள் மாமா ஒருவர் சாயப்பட்டறையில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். உறையை அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, திட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"துணி நல்லாத்தான் இருக்குது. சாயம்தான் செத்துப் போச்சு. பிளீச்சிங் பவுடர் தெறிச்சிருந்தா இப்படி இழுத்ததுமே நூல் விட்டிருக்கும்" என்றார்.

நீலத் துணி ஏன் வெள்ளையாகாமல் ஆரஞ்சாகிறது என்று கேட்டேன். சிரித்தார். "கருநீலம், கருப்பெல்லாம் ஒத்தைச் சாயமில்ல அம்மிணி. நீலம் ஒண்ணு அடிமானமாப் போட்டு, நிறம் ஆழமா வர்றதுக்கு ஆரஞ்சும் சேப்பும் கலப்போம். இப்ப நீலம் முதல்ல போயிருச்சு. நீ பாக்கறது உள்ள இருந்த ஆரஞ்சு."

அதற்கப்புறம் வீட்டில் கறைபட்ட எல்லாத் துணியையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். கருப்பு டி-ஷர்ட்டின் கழுத்து செம்பழுப்பாகியிருந்தது. அக்காவின் கரும்பச்சைத் துப்பட்டாவில் மஞ்சள் திட்டு. ஒவ்வொரு துணியிலும் பட்டறைக்காரர் கலந்தவற்றில் எது கடைசி வரை தாக்குப்பிடித்ததோ அதுதான் தெரிகிறது. துவைத்தாலும் எலுமிச்சை தேய்த்தாலும் போகாததற்கும் இதுதான் காரணம். எண்ணெய்க் கறை துணி மேல் ஏதோ ஏறி உட்கார்ந்தது. இங்கே துணியிலிருந்து ஒன்று போய்விட்டது. போனதைச் சோப்பு போட்டு வரவழைக்க முடியாது. மறுபடி சாயம் போடலாம், அவ்வளவுதான்.

துவைத்த பிறகு இஸ்திரியில் தெரிந்தது எப்படி? பென்சாயில் பெராக்சைடு தண்ணீரில் கரையாத பொருள் என்றே சொல்லலாம். சாதாரணமாகத் துவைத்தால் கொஞ்சம் நூலிடுக்கிலேயே தங்கிவிடும். குளிர்ச்சியில் அதன் வேலை நிதானம். சூடு பட்டால் வேகம் பிடிக்கும். 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனால் அது தானாகவே உடைந்துவிடும். பருத்தித் துணிக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு அதைத் தாண்டியது. நாள் கணக்கில் நடக்க வேண்டிய வெளுப்பை என் பெட்டி இரண்டு இழுப்பில் முடித்துவிட்டது.

டியூபின் மேல் 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லிப் போட்டிருப்பதும் இந்தச் சூட்டு விவகாரம்தான். சூட்டில் பெராக்சைடு வீணாவது மட்டுமில்லை, உடையும்போது சிறிதளவு பென்சீனும் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோயோடு தொடர்புள்ளது. ஏப்ரல், மே மாதத்தில் எங்கள் ஓட்டு வீட்டு அலமாரி எந்த நாளும் 25 டிகிரியைப் பார்த்ததில்லை. டியூபை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றினேன். ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டுப் போகிற பழக்கத்தையும் விட்டேன்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் நான் என்ன செய்தேன் என்றால், இரவு முகம் கழுவி ஈரத்தை ஒற்றிய கையோடு, ஜெல்லைத் தாராளமாகப் பிதுக்கிப் பருக்களின் மேல் மட்டும் தடித்துப் பூசினேன். வெள்ளையாகத் தெரிந்தால்தான் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. உடனே படுத்துவிடுவேன். நான் இடது பக்கம் சாய்ந்து தூங்குகிறவள். உறையில் திட்டும் இடது பக்கம்தான். அதாவது காசு கொடுத்து வாங்கிய மருந்தில் நல்ல பங்கைத் தலையணைக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

முகத்துக்குப் போன பங்கும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் மூக்கோர மடிப்பும் வாயோரமும் வெந்த மாதிரி சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. ரசம் பட்டால்கூட எரிந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். பொதுவாக இந்த மருந்தை விடுகிறவர்கள் விடுவது இந்த முதல் சில வாரங்களில்தானாம். அரிப்போடு முகம் வீங்கியிருக்கிறதா, நீர் வடிகிறதா, கண் இமை தடித்ததா என்று கேட்டார். எதுவும் இல்லை. இருந்திருந்தால் அது பெராக்சைடு ஒவ்வாமை, மறுபடி தொடவே கூடாது என்றார். வறட்சி, எரிச்சல், உரிதல் மட்டும் என்றால் போட்ட அளவும் விதமும்தான் தப்பு. பிறகு எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். டியூபை வாங்கிப் பார்த்தார். ஐந்து நாளில் பாதிக்கு மேல் காலி.

"ஒரு பச்சைப் பட்டாணி அளவு, முகம் முழுசுக்கும் அதுதான். பருவுக்கு வைக்கிற மருந்து இல்லம்மா இது. பரு வரப்போற இடத்துக்கு வைக்கிற மருந்து."

இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தலையணை உறை தப்பித்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பரு, அடைப்பாகத் தொடங்கிச் சில வாரம் ஆன பிறகுதான் மேலே வருகிறது. இன்று தெளிவாக இருக்கும் தோலுக்குள் அடுத்த மாதப் பரு உட்கார்ந்திருக்கிறது. தெரிகிற பருவின் மேல் மட்டும் வைத்தால் அடாபலீனின் வேலையில் பெரும்பகுதி நடக்காது.

அன்றிலிருந்து செய்தது இது. இரவு எட்டரைக்கு, நுரை அதிகம் வராத மென்மையான முகக் கழுவியால் கழுவுவேன். ஒற்றித் துடைத்துவிட்டு கால் மணி நேரம் சும்மா விடுவேன். ஈரத் தோலில் மருந்து அதிகமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும். தோல் காய்ந்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒரு மெல்லிய பூச்சு, தேறும் வரை மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. நடுவில் பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் சின்னப் பொட்டாக வைத்து, அங்கிருந்து பரப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் அந்தக் கன்னம் வெந்துவிடும், மற்றதுக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்ணைச் சுற்றி, உதடு, மூக்குத் துளை ஓரம், இங்கெல்லாம் போகக் கூடாது. மூக்கோர மடிப்பில் ஜெல் தானாக வழிந்து தேங்கும். மருந்துக்கு முன்னால் அங்கே வாசலின் ஒரு தீற்று தீற்றிவிடுவேன்.

ஒழுங்காகப் பரப்பினால் முகத்தில் வெள்ளை எதுவும் தெரியாது. தெரிந்தால் அளவு அதிகம். ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டேன். மூன்று வாரம் எரிச்சல் இல்லாமல் போனதும் தினமும். பழைய கணக்கில் பத்து நாளில் தீர்ந்திருக்க வேண்டிய டியூப், இந்த அளவில் ஒன்றரை மாதம் வந்தது.

அதே நேரம் கடலை மாவு தேய்ப்பதையும் எலுமிச்சை வைப்பதையும் நிறுத்தினேன். மேலுதட்டு வாக்ஸிங்கும் கூடாது. அடாபலீன் போடும் தோலில் வாக்ஸைப் பிய்த்தால் மேல்தோலும் கூடவே வரும். காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், கருவுற்றவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. இது அடாபலீனுக்காகச் சொல்வது.

நம் ஊர்த் தோலுக்கு எரிச்சல் என்பது எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை. எங்கே சிவந்து வெந்ததோ அங்கே கருமை படிகிறது. என் வாயோரத்தில் முதல் வாரத்துச் சூடு விட்டுப்போன பழுப்பு, பரு அடங்கிய பிறகும் நான்கு மாதம் நின்றது. அதனால் வேகமாகப் பலன் வேண்டும் என்று 5, 10 சதவீதப் பெராக்சைடு தேடிப் போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் அவற்றுக்குச் சளைத்ததில்லை, 10 சதவீதத்துக்குப் போனால் எரிச்சல் மட்டும் கூடும் என்பது 1980களிலேயே ஒப்பிட்டுப் பார்த்த விஷயம்.

பக்கத்து வீட்டு அக்காவின் கேள்வி வேறு. "துணியே வெளுக்குதுன்னா மூஞ்சி வெளுக்காதா?" என்று கேட்டார். குரலில் பயத்தைவிட ஆசை அதிகம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வெளுக்காது. துணியின் சாயம் ஒரு முறை ஏற்றியது, போனால் போனதுதான். தோலின் நிறமி கீழே உயிருள்ள அடுக்கில் தினமும் உற்பத்தியாகி மேலே வருகிறது. பெராக்சைடோ மேல் அடுக்கிலேயே உடைந்து பென்சாயிக் அமிலமாகி விடுகிறது. முடி மட்டும் விதிவிலக்கு. அதுவும் துணி மாதிரி உயிரில்லாத இழை. என் நெற்றியோர முடியில் இரண்டு மூன்று கீற்று செம்பட்டையானது. இப்போது ஹேர்பேண்ட் போட்டு முடியை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் ஜெல்லைத் தொடுகிறேன். புருவத்திலிருந்து ஒரு விரல் தள்ளியே நிறுத்திவிடுவேன்.

பலன் எப்போது வந்தது என்று கேட்பார்கள். ஆறாவது வாரம் வரை வெறுப்புதான். மூன்றாவது வாரத்தில் நெற்றியில் புதிதாகச் சில எழும்பக்கூடச் செய்தன. எட்டாவது வாரத்தில் நெற்றியின் நொய் காணாமல் போனது கை தடவியபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் தாடையில் ஒன்றிரண்டு மட்டும். இந்த மருந்தை எடை போடுவதற்கு அந்தப் பன்னிரண்டு வாரம் வேண்டும். ஆறில் கைவிட்டிருந்தால் எனக்கு ஆரஞ்சுத் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கும்.

போடும் விதம் திருந்தியதைத் துணியும் காட்டியது. கைத்துண்டு விரல் தடம் அடியோடு நின்றது, ஏனென்றால் போட்டதும் நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவுகிறேன். தலையணைத் திட்டு ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கியது, காரணம் எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் போட்டுவிட்டு பத்தரைக்குப் படுப்பது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. காய்ந்த ஜெல்லும் இரவு வியர்வையில் இளகி உறைக்கு வரும். காலையில் முகத்தில் மிச்சமும் இருக்கும். எழுந்ததும் கழுவாத முகத்தைக் கலர்த் துண்டில் துடைத்தால் போயிற்று. கழுவிய பிறகும் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே வெள்ளை. சாயமே இல்லாத வெள்ளைப் பருத்தி உறை நான்கு, வெள்ளைத் துண்டு மூன்று, தனி வாளி. நிறமான துணிகளோடு சேர்த்து ஊறப்போடுவதில்லை. 'வெள்ளை அழுக்காகும்' என்று அம்மா முனகினார். அழுக்காகும்தான், ஆனால் அழுக்கு போகும்.

வெள்ளை பிடிக்காதவர்களுக்கு வழி உண்டா என்று மாமாவிடம் கேட்டேன். சாதாரண உறைகளுக்கும் துண்டுகளுக்கும் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான், துவைத்தால் போகாது, பெராக்சைடுக்குத் தாங்காது என்றார். வாட் சாயம் வேறு. அது தண்ணீரில் கரையாத சாயம். காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு அதன் நிறத்தையே மாற்றிக் கரைய வைத்து, நூலுக்குள் ஏற்றி, அப்புறம் ஆக்சிஜனேற்றிப் பழைய நிறத்துக்குத் திருப்புவார்கள். "கடைசித் தொட்டியில நாங்களே பெராக்சைடு விடுவோம் அம்மிணி. அதுக்கெல்லாம் பழகின சாயம் அது." சலூன் துண்டுகளை அப்படித்தான் போடுவார்களாம். விலை அதிகம். அதிலும் எல்லா நிறமும் தாங்காது. ஜீன்ஸுக்கு ஏறும் இண்டிகோவும் வாட் குடும்பம்தான், அது வெளுப்பது ஊருக்கே தெரியும்.

கடையில் கேட்டால் எந்தச் சாயம் என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால் நான் சோதித்துத்தான் சேர்க்கிறேன். துண்டின் மடிப்போர உள்பக்கத்தில் கடுகளவு ஜெல் தேய்த்து, ஒரு நாள் விட்டு, அலசி, காய்ந்ததும் இஸ்திரி வைப்பேன். நிறம் அசையவில்லை என்றால் குளியலறைக்குள் வரலாம். இதுவரை ஆறு துண்டில் ஒன்றுதான் தேறியது, ஒரு சாம்பல் நிறத் துண்டு.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். பையிலிருந்து என் வெள்ளை உறையை எடுத்து அவர்கள் தலையணைக்கு மாட்டினேன். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்கூட்டு உறையில படுத்தா ஆவாதா?" என்றார். நெற்றியோரச் செம்பட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து, பிரிக்காத அரக்கு நிறப் போர்வை ஒன்றை எடுத்து வந்து, "குளிரும், கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்க" என்று என் மேல் போர்த்திவிட்டுப் போனார்.